சென்னையில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பா, ஊரிலேயே மூவாயிரமா, பணம் கட்டிச் சேர்வதா?

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வரும். "சென்னையில ஒரு ஸ்டார்ட்அப்புல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, ஆனா ஸ்டைபண்ட் இல்லைன்னு சொல்றாங்க. போகலாமா?" கல்லூரி ப்ளேஸ்மென்ட் பொறுப்பில் இருந்தபோதும் கேட்டார்கள், பிறகு ஒரு சிறிய நிறுவனத்தில் இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தபோதும் கேட்டார்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. "இலவசமாக வேலை செய்வது சரியா தவறா" என்று பொதுவாக யோசித்தால் முடிவு கிடைக்காது. கையில் இருக்கும் வாய்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் கிடைத்துவிடும்.

அதனால் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடிக்கும் ஒரு மாணவி. கோடை விடுமுறையில் 8 வாரம் கையில் இருக்கிறது. அவர் முன்னால் மூன்று வாய்ப்புகள்.

முதலாவது, சென்னையில் 12 பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப். மொபைல் செயலியை டெஸ்ட் செய்யும் வேலை. வாரம் 5 நாள், காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. ஸ்டைபண்ட் இல்லை.

இரண்டாவது, திருநெல்வேலியிலேயே கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்துதரும் ஒரு சின்ன அலுவலகம். மாதம் 3,000 ரூபாய்.

மூன்றாவது, வீட்டிலிருந்தே செய்யும் ஆன்லைன் "இன்டர்ன்ஷிப்". 6,000 ரூபாய் கட்ட வேண்டும், முடிவில் சர்டிபிகேட் உண்டு.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும். இவற்றில் முதல் கேள்விதான் நியாயம் அநியாயத்தைத் தீர்மானிக்கிறது. மற்ற மூன்றும் லாப நட்டத்தைச் சொல்லும்.

நாளைக்கு நீங்கள் போகாவிட்டால் அங்கே எந்த வேலை நிற்கும்? எதுவும் நிற்காது என்றால் நீங்கள் கற்றுக்கொள்ள வந்தவர். உங்களுக்காக ஒருவர் தன் நேரத்தைச் செலவிடுகிறார், அதனால் சம்பளம் கேட்க இடமில்லை. ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது போகாமல் நிற்கும், அல்லது அந்த வேலைக்கு வேறொருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கும் என்றால், நீங்கள் வேலை செய்கிறீர்கள். வேலைக்குக் கூலி உண்டு.

அமெரிக்க நீதிமன்றங்கள் சுற்றிச் சுற்றி வந்து நின்றதும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் படம் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்த எரிக் கிளாட் என்பவரும் இன்னொரு இன்டர்னும் வழக்குப் போட்டார்கள். காபி வாங்கி வருவது, சாப்பாடு ஆர்டர் எடுப்பது, நகல் எடுப்பது போன்றவையும் அவர்கள் செய்த வேலைகளில் அடக்கம். 2013-ல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டு, இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன் பெறுவது யார், இன்டர்னா நிறுவனமா என்று பார்க்கச் சொன்னது. படிப்போடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா, கல்லூரிக் காலத்துக்கு ஏற்ப நேரம் அமைந்திருக்கிறதா, சம்பளம் வாங்கும் ஊழியரின் இடத்தில் இன்டர்ன் அமர்த்தப்படுகிறாரா என்பவையெல்லாம் அதற்குள் வரும் கேள்விகள். 2018-ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. கேள்வி மட்டும் நம்மூருக்கும் அப்படியே பொருந்தும்.

யார் கற்றுத்தருகிறார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பெயர் சொல்ல முடிய வேண்டும். "டீம் ஹெல்ப் பண்ணும்" என்பது பதில் இல்லை. 12 பேர் இருக்கும் இடத்தில் 5 இன்டர்ன்கள் என்றால், உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்காது.

கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? விடுதி வாடகையோடு நிறுத்திவிடக் கூடாது. கீழே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

முடியும்போது கையில் என்ன இருக்கும்? சர்டிபிகேட் எல்லோருக்கும் கிடைக்கும். இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேச ஒரு வேலை, அதை நேரில் பார்த்த ஒருவர், அவர் உங்களுக்காக ஒரு ஃபோன் எடுத்துப் பேசுவாரா என்பது எல்லோருக்கும் கிடைக்காது.

## வாய்ப்பு 1: சென்னை, ஸ்டைபண்ட் இல்லை

செலவிலிருந்து தொடங்குவோம். சாப்பாட்டோடு பி.ஜி. மாதம் 8,000, இரண்டு மாதத்துக்கு 16,000. அட்வான்ஸில் பராமரிப்பு என்று திருப்பித் தராமல் பிடிப்பது 1,000. மதியச் சாப்பாடு பல பி.ஜி.க்களில் கட்டித்தர மாட்டார்கள். நாளுக்கு 60 வீதம் 40 நாளுக்கு 2,400. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம், ஆனாலும் நிறுத்தத்திலிருந்து ஷேர் ஆட்டோ நாளுக்கு 40 என்று வைத்தால் 1,600. இடையில் ஒருமுறை ஊருக்கு வந்து போவதையும் சேர்த்து இரண்டு போய்வரும் ரயில் பயணம் 1,600. ஃபோன் ரீசார்ஜ் 600. மொத்தம் 23,200 ரூபாய். பையனாக இருந்தால் இதோடு மாதம் 1,000 ரூபாய் எம்.டி.சி. பாஸும் சேரும். இடத்தைப் பொறுத்து இந்தத் தொகைகள் மாறும். உங்கள் கணக்கை உங்கள் எண்களை வைத்தே போடுங்கள்.

ஆக "சம்பளம் இல்லை" என்பதற்கு உண்மையான அர்த்தம், 23,200 ரூபாயை அப்பா அம்மா கொடுத்து மகளை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பது. முடிந்த குடும்பம் கொடுத்துவிடும், முடியாத வீட்டுப் பிள்ளை அந்த வாய்ப்பையே விட்டுவிடும். இதில் என்னை உறுத்துவது இதுதான். திறமை பார்த்து எடுக்கிறோம் என்று நினைக்கும் நிறுவனம், தெரியாமலேயே வசதி பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த வேலை என்ன? டெஸ்டிங் என்றால் நடப்பது இப்படித்தான் இருக்கும். வாரத் தொடக்கத்தில் டெவலப்பர் ஒரு புது பில்டு அனுப்புவார். அதை நான்கு வேறு வேறு ஃபோனில் போட்டு, லாகின், தேடல், பணம் கட்டுதல், ஆர்டரை ரத்து செய்தல் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கே உடைகிறதோ அதை எந்த ஃபோன், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்த வரிசையில் தட்டியபோது என்ன ஆனது என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதிவைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இதை எப்படி எழுதுவது என்றே பிடிபடாது. "ஆப் வேலை செய்யல" என்று எழுதுவார்கள், டெவலப்பர் திருப்பி அனுப்புவார். அந்த இரண்டு வாரமும் நிறுவனத்துக்குத்தான் நட்டம். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த மாணவி எழுதும் அறிக்கையை வைத்துத்தான் செயலி வெளியிடப்படும். அவர் வராவிட்டால் வெளியீடு தள்ளிப்போகும், அல்லது டெவலப்பர் தன் வேலையை விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

முதல் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். முதல் 2 வாரம் சம்பளமில்லாமல் இருப்பது நியாயம். அடுத்த 6 வாரம் நியாயம் இல்லை. பெரும்பாலான இன்டர்ன்ஷிப்களில் இப்படி ஒரு கோடு இருக்கும். ஸ்டைபண்ட் கேட்கும்போது அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டிக் கேட்பதுதான் பலம்.

இந்த வாய்ப்பு எப்போது நல்லது? கற்றுத்தரும் ஆள் யார் என்று தெரிந்து, அவர் அந்தத் துறையில் நிஜமாகவே தேறியவராக இருந்து, சென்னையில் தங்க சித்தி வீடோ அத்தை வீடோ இருந்தால் கணக்கே மாறிவிடும். 23,200 என்பது ஐந்தாறாயிரத்துக்குள் அடங்கும்.

எப்போது வேண்டாம்? "நல்லா பண்ணா வேலை தருவோம்" என்ற ஒரு வார்த்தை மட்டுமே ஈர்ப்பாக இருந்தால் வேண்டாம். போன வருடம் எத்தனை இன்டர்ன்கள் வந்தார்கள், அதில் எத்தனை பேர் இப்போது இங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். லிங்க்டு-இன்னில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் முன்னாள் இன்டர்ன்கள் தென்படுவார்கள், அவர்களில் இருவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கலாம். சம்பளத்துக்கு ஆளே எடுக்காமல் இன்டர்ன்கள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால், அந்த இடம் இன்டர்ன்களை வைத்தே ஓடுகிறது.

## வாய்ப்பு 2: ஊரில், மாதம் 3,000

பெயர் இல்லாத அலுவலகம் என்பதால் பிள்ளைகள் இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் முதலில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டு மாதத்தில் 6,000 வருகிறது. வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ். டீ, ரீசார்ஜ் என்று 1,000 போனாலும் 5,000 மிச்சம். சென்னை வாய்ப்போடு ஒப்பிட்டால் 28,200 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்தில் ஒரு சுமாரான லேப்டாப் வாங்கிவிடலாம்.

வேலையும் சொல்லும்படி இருக்கும். சின்ன அலுவலகத்தில் கடைக்காரர் நேராக ஃபோன் பண்ணுவார்: ஜி.எஸ்.டி. தப்பா வருது, பிரிண்டரில் பில் பாதிதான் வருது என்று. அதைக் கேட்டு, டேட்டாபேஸைப் பார்த்து, சரிசெய்து, மறுபடி அவரிடமே பேச வேண்டும். ஒரு பிழையை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆளாகத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு பெரிய இடத்தில் இன்டர்னுக்குக் கிடைப்பது அரிது.

மறைந்திருக்கும் செலவு வேறு. அங்கே பழைய மென்பொருளாக இருக்கலாம். நீங்கள் வேலை தேடப் போகும் இடத்தில் அது புழக்கத்திலேயே இருக்காது. சொல்லித்தருபவர் முதலாளியே என்பதால் பாதி நேரம் வெளியில் இருப்பார். டேட்டா என்ட்ரி மட்டும் கொடுத்து உட்காரவைத்துவிடும் ஆபத்தும் உண்டு. சேர்வதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நல்லது. ஊரிலேயே இருப்பதால் அது சுலபம்.

## வாய்ப்பு 3: பணம் கட்டிச் சேர்வது

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. பணம் கட்டினால் நீங்கள் வாடிக்கையாளர். ரசீதைப் பாருங்கள், கோர்ஸ் ஃபீஸ், டிரெயினிங் ஃபீஸ் என்றுதான் இருக்கும். நல்ல கோர்ஸாக இருந்தால் கோர்ஸ் என்றே சேரலாம், ரெஸ்யூமில் அப்படியே போடலாம். இன்டர்ன்ஷிப் என்று போட்டால் இன்டர்வியூ எடுப்பவருக்குத் தெரிந்துவிடும். யாருக்காகச் செய்தீர்கள், யார் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

ஏமாற்று என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. இன்டர்வியூவே இல்லாமல் "செலக்டட்" என்று வரும், ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியிலிருந்து வரும், இன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். சர்டிபிகேட்டில் எம்.எஸ்.எம்.இ. முத்திரையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் உத்யம் பதிவு என்பது சிறு தொழில் நடத்தும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் சொந்த விவரத்தைக் கொடுத்து இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பதிவு, பயிற்சியின் தரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டால் mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, எப்போது பதிவானது, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். செக்யூரிட்டி டெபாசிட் என்று பணமோ, ஒரிஜினல் மார்க் ஷீட்டோ கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

தொழிற்சாலைகளில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்குச் சிறு கட்டணம் வாங்கும் வழக்கம் இதில் சேராது. பாதுகாப்பு உபகரணம் கொடுத்து, கூடவே ஒரு ஆளை அனுப்பிச் சுற்றிக்காட்டுகிறார்கள். மாணவர் எந்த இயந்திரத்தையும் தொடப்போவதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முதல் கேள்வியின்படி அங்கே எந்த வேலையும் உங்களால் நடப்பதில்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | சென்னை, சம்பளமில்லை | ஊரில், மாதம் 3,000 | பணம் கட்டி ஆன்லைனில் |
|---|---|---|---|
| 8 வாரக் கணக்கு | 23,200 நட்டம் | 5,000 மிச்சம் | 6,000 நட்டம் |
| நீங்கள் இல்லாவிட்டால் நிற்கும் வேலை | 3-வது வாரத்திலிருந்து உண்டு | முதல் மாதத்துக்குப் பின் உண்டு | இல்லை |
| கற்றுத்தருபவர் | பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | முதலாளி, நேரம் குறைவு | பதிவுசெய்த வீடியோ |
| கையில் நிற்பது | டெஸ்டிங் அனுபவம், சென்னைத் தொடர்புகள் | ஒரு பிழையை முழுதாகச் சரிசெய்த அனுபவம் | சர்டிபிகேட் |
| யாருக்குச் சரி | தங்க இடம் இருப்பவருக்கு, அல்லது ஸ்டைபண்ட் பேசி வாங்கியவருக்கு | வீட்டில் பணம் இறுக்கமாக இருப்பவருக்கு, முதல் அனுபவம் தேடுபவருக்கு | கோர்ஸ் என்றே சேர்பவருக்கு |

இப்படியே விட்டால் அந்த மாணவிக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் முதலாவது வாய்ப்பின் எண்ணை மாற்ற முடியும்.

## எவ்வளவு கேட்கலாம்

கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு இன்டர்ன்ஷிப்பில் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் "சட்டப்படி தரணும்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இருக்கிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸாகச் சேரும் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று 2019 விதித்திருத்தம் வைத்தது. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான என்.ஏ.டி.எஸ்.-ல் சேர்த்தால் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கும். இது பெரும்பாலும் படிப்பு முடித்தவர்களுக்கானது, விவரம் nats.education.gov.in தளத்தில் இருக்கிறது. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில். 2024 அக்டோபரில் தொடங்கியபோது பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவித்த மாதம் 5,000 ரூபாயைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாதபடிதான் அதன் விதி எழுதப்பட்டது.

ஆக, படிப்பை முடித்து முழு வேலை செய்பவருக்கே 2019-ல் அரசு வைத்த அடிமட்டம் 9,000. மூன்றாம் ஆண்டு மாணவர் 20,000 கேட்டால் சின்ன நிறுவனம் சிரிக்கும், 4,000 முதல் 8,000 வரை கேட்டால் யோசிக்கும். நம் மாணவியின் கணக்கில் பி.ஜி., மதியச் சாப்பாடு, ஆட்டோ மூன்றும் சேர்ந்து மாதம் 10,000 ஆகிறது. இந்தக் கணக்கைக் காட்டி, அதில் ஒரு பகுதியைக் கேட்பதுதான் பேசக்கூடிய கேள்வி.

## எப்போது, யாரிடம், எப்படி

முதல் இன்டர்வியூவில் கேட்காதீர்கள். சேர்ந்து ஒரு வாரம் கழித்தும் கேட்காதீர்கள். "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பிறகு, நீங்கள் சரி என்று பதில் அனுப்புவதற்கு முன் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்தான் நேரம். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், வேறு ஆளைத் தேட மறுபடி அலைய வேண்டும் என்பது அவர்கள் மனதில் இருக்கும்.

ஹெச்.ஆரிடம் கேட்டால் "பாலிசி இல்லை" என்று வரும். உங்கள் வேலையைப் பயன்படுத்தப்போகும் டீம் லீடிடம் கேளுங்கள். நீங்கள் வருவதால் குறையப்போவது அவருடைய சுமை. 12 பேர் இருக்கும் இடத்தில் அவர் நிறுவனரிடம் எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்துவிடுவார்.

ஃபோனில் இப்படிப் பேசலாம்:

"வணக்கம் சார். செலக்ட் பண்ணதுக்கு நன்றி, எனக்கு வர ரொம்ப விருப்பம். ஒரு விஷயம் கேட்கலாமா சார்? நான் திருநெல்வேலியிலிருந்து வரணும். தங்க, சாப்பிட, ஆபீஸ் வந்துபோக மாசம் பத்தாயிரம் ஆகுது. முதல் ரெண்டு வாரம் நான் கத்துக்கிற காலம், அதுக்கு எதுவும் வேண்டாம். மூணாவது வாரத்துலேருந்து ரிலீஸ் டெஸ்டிங் நானே பார்க்கப்போறேன்னு சொன்னீங்க. அந்த ஆறு வாரத்துக்கு வாரம் ரெண்டாயிரம் கிடைச்சா வீட்டுல சொல்லிட்டு வந்துடுவேன். உங்களால முடியுமான்னு பார்த்துச் சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நம் பிள்ளைகள் பலர் உடனே "இல்லைன்னாலும் பரவாயில்லை சார், வந்துடறேன்" என்று அவர்களே சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவர் யோசிக்கட்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றால் நாளைக்கே சொல்லட்டும். பேசிய அன்றே இதே விஷயத்தை நான்கு வரியில் மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள், அவர் நிறுவனருக்கு அப்படியே அனுப்ப உதவும்.

வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

"கத்துக்கத்தானே வர்றீங்க?" என்றால்: "ஆமா சார், அதனாலதான் முதல் ரெண்டு வாரத்துக்கு நான் கேட்கல." இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

"மத்த காலேஜ் பசங்க ஃப்ரீயா வர்றாங்களே?" என்றால் அவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள். "அவங்க சென்னையிலேயே இருக்கலாம் சார், எனக்குத் தங்குற செலவு இருக்கு" என்பது உண்மையான பதில். கூடவே, கல்லூரியில் செய்த ப்ராஜெக்டில் நீங்கள் எழுதிய டெஸ்ட் கேஸ்களை ஒரு பக்கத்துக்கு அனுப்பிக் காட்டினால் பேச்சு விலையிலிருந்து வேலைக்குத் திரும்பும்.

"பட்ஜெட் இல்லைம்மா" என்றால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அப்போது பணத்தை விட்டுவிட்டுச் செலவைக் குறைக்கக் கேளுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். முதல் 4 வாரம் அலுவலகத்தில் கற்றுக்கொண்டு, அடுத்த 4 வாரம் ஊரிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டால் என்ன ஆகிறது பாருங்கள். பி.ஜி. 8,000, பிடித்தம் 1,000, சாப்பாடு 1,200, ஆட்டோ 800, ஒரே ஒரு போய்வரும் பயணம் 800, ரீசார்ஜ் 600. மொத்தம் 12,400. ஒரு ரூபாய் ஸ்டைபண்ட் இல்லாமலே செலவில் 10,800 குறைந்துவிட்டது. நிறுவனத்துக்கு இதில் கைக்காசு எதுவும் போகவில்லை என்பதால் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள். டெஸ்ட் செய்யும் ஃபோனில் ஒன்றைக் கையோடு கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு மேல் வாரம் 1,500 வீதம் 6 வாரத்துக்கு 9,000 கிடைத்தால், கையிலிருந்து போவது 3,400 மட்டும். இப்போது சென்னை வாய்ப்பையும் ஊர் வாய்ப்பையும் மறுபடி வைத்துப் பார்த்தால் இடைவெளி 28,200 இல்லை, 8,400. கற்றுத்தரும் ஆள் நல்லவராக இருந்தால் இந்தத் தொகைக்கு நான் சென்னைக்குப் போகச் சொல்வேன். எதற்குமே ஒத்துவராவிட்டால் ஊர் அலுவலகத்துக்குச் சரி சொல்லிவிட்டு, சென்னைக்காரருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடலாம், அடுத்த செமஸ்டரில் அவரே கூப்பிட வாய்ப்பிருக்கிறது.

## சம்பளமில்லாவிட்டாலும் போகலாம் என்று நான் சொல்லும் இடங்கள்

பேராசிரியரின் ஆய்வகம் ஒன்று. அவர் நேரம் கொடுக்கிறார், பரிந்துரைக் கடிதம் கிடைக்கும், மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு ஃபெல்லோஷிப், ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைகால ஃபெல்லோஷிப் போன்றவற்றில் உதவித்தொகையே உண்டு என்பதால், சில மாதம் முன்பே விண்ணப்பித்துவிட்டு, அது கிடைக்காதபோது இதற்குப் போங்கள்.

லாப நோக்கமில்லாத அமைப்பில் வாரம் ஓரிரு நாள், உங்கள் நேரத்துக்கு ஏற்ப என்றால் அதுவும் நியாயம்தான். அங்கேயும் பயணச் செலவைக் கேட்கலாம், தயங்க வேண்டாம். பலர் கேட்டால் தருகிறார்கள்.

## கையெழுத்துக்கு முன் எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்ச்சொல்லில் "பார்த்துக்கலாம்" என்றது மே மாதத்தில் மறந்துபோகும். ஆஃபர் லெட்டரிலோ மின்னஞ்சலிலோ தொடக்க நாள், முடியும் நாள், வேலை நேரம், கற்றுத்தருபவரின் பெயர், எந்த வாரத்திலிருந்து எவ்வளவு ஸ்டைபண்ட், எந்தத் தேதியில் வங்கிக் கணக்குக்கு வரும் என்பது இருக்கட்டும். செய்த வேலையை ரெஸ்யூமில் எந்த அளவுக்குக் காட்டலாம் என்றும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் எதையும் காட்ட முடியாமல் வெறும் சர்டிபிகேட்டோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இடையில் விட்டுப்போனால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் தராத இடத்துக்கு அதைக் கேட்கும் தகுதி இல்லை.

ஒப்புக்கொண்ட ஸ்டைபண்ட் வரவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல், பழைய மின்னஞ்சலிலேயே பதிலாக, தேதியைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். கல்லூரி ப்ளேஸ்மென்ட் செல்லையும் அதில் சேருங்கள். அடுத்த வருடமும் அந்தக் கல்லூரியிலிருந்து ஆள் வேண்டும் என்பதால், சின்ன நிறுவனங்கள் அதற்குப் பதில் போடுகின்றன.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ஊழியர் என்ற வரையறைக்குள் பயிற்சியாளரும், சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரும் வருகிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், அதற்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் குழுவிடம் புகார் தரலாம். சேரும் நாளில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, பெயரையும் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.